பேரன் அனுப்பும் செய்தியில் பாட்டி ‘நீ’யா, ‘நீங்க’ளா?

கேள்வி: “நான் சென்னையில் இருக்கிறேன். அக்கா பையன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு, அதாவது அவன் பாட்டிக்கு, கேட்ராக்ட் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. அவன் ஆங்கிலத்தில் ஒரு செய்தி எழுதி, தமிழில் மாற்றி வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு அனுப்பச் சொல்கிறான். ‘யூ’ வருகிற இடத்தில் ‘நீ’ போட்டால் மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. ‘நீங்கள்’ போட்டால் யாரோ அந்நியர் எழுதியது மாதிரி இருக்கிறது. எது சரி?”

முதலில் அவனுக்கு ஒரு போன் போட்டு, பாட்டியோடு பேசும்போது எப்படிப் பேசுவான் என்று கேளுங்கள். “நீ பாட்டியை நீன்னு சொல்வியா, நீங்கன்னு சொல்வியா?” என்று நேராகக் கேட்டால் சரியான பதில் வராது. மரியாதைப் பாடம் எடுக்கிறீர்கள் என்று நினைத்து ‘நீங்க’ என்று சொல்லிவிடுவான். அதற்குப் பதிலாக, “பாட்டி சாப்பிட்டாங்களான்னு பாட்டிகிட்டயே எப்படிக் கேட்பே, சொல்லு” என்று கேளுங்கள். ‘சாப்பிட்டியா பாட்டி’ என்று வருகிறதா, ‘சாப்பிட்டீங்களா பாட்டி’ என்று வருகிறதா என்பதுதான் உங்கள் பதில். செய்தி அவனுடையது. நீங்கள் உங்கள் அம்மாவை எப்படி அழைக்கிறீர்கள் என்பதோ, அக்கா எப்படி அழைக்கிறார் என்பதோ இங்கே கணக்கில் வராது. மொழிபெயர்க்கிற கை உங்களுடையதாக இருந்தாலும், பாட்டி காதில் விழவேண்டியது அவன் குரல்.

இருபது வருடங்களுக்கும் மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அதில் பெரும்பகுதி அலுவலகக் காகிதங்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக்காவது வெளிநாட்டிலிருந்து கடிதமோ செய்தியோ வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கடிதங்களிலிருந்துதான். பெரம்பூரில் குடியிருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டிக்கு அவர் பேரன் எழுதிய கடிதத்தை மொழிபெயர்த்து, நானே போய்ப் படித்தும் காட்டினேன். ‘அன்புள்ள பாட்டி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது?’ என்று ஆரம்பித்தேன். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. “அவன் எழுதினதா இது?” என்றார். ஆமாம் என்றேன். “என்னை அவன் நீங்கன்னு சொன்னதே கிடையாதேம்மா. ஏதாவது கோவமா இருக்கானா?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் அவன் எழுதியிருந்தது அத்தனை பிரியமான கடிதம். அதில் கோபத்தைக் கொண்டுவந்து வைத்தது நான்.

அந்தக் கடிதத்தைப் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தப்பு ‘நீங்கள்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் இல்லை. நான் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைச் செய்திருந்தேன். ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்கினேன், அது மரியாதை. கூடவே பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழ் ஆக்கினேன், அது தூரம். இவை இரண்டும் வேறு வேறு. ‘நீங்க எப்படி இருக்கீங்க பாட்டி’ என்பதில் மரியாதை அப்படியே இருக்கிறது, ஆனால் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்’ என்பதில் அதே அளவு மரியாதைதான், ஆனால் வங்கியிலிருந்து வந்த கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்கு அந்நியமாகப் படுவது ‘நீங்க’ இல்லை, ‘கிறீர்கள்’ என்ற வால்தான் என்று நினைக்கிறேன். எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

‘நீ’ பக்கத்திலும் இதே கதைதான். ‘எப்படி இருக்கே பாட்டி’ என்றால் செல்லம். ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று எழுதினால் செல்லமும் போய்விடும், மரியாதையும் வராது. அப்படி யாரும் வீட்டில் பேசுவதில்லை என்பதால் பள்ளிப் பாடப் புத்தக வாக்கியம் போல நிற்கும். அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ‘நீ’ என்று முடிவு செய்தால் பேச்சுத் தமிழில் மட்டுமே எழுதுங்கள். ‘நீங்க’ என்று முடிவு செய்தாலும் வாட்ஸ்அப் செய்திக்குப் பேச்சுத் தமிழே நல்லது. ஆனால் பாட்டி பழைய பள்ளிப் படிப்பு படித்து, கடிதம் என்றால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிப் பழகியவராக இருந்தால் எழுத்துத் தமிழையும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்வார். ‘தாங்கள்’ மட்டும் வேண்டாம். அது கல்யாணப் பத்திரிகைக்கும் மனுவுக்கும் உரியது.

‘நீ’ என்றால் மரியாதைக் குறைவு என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். பிள்ளையார் முன்னால் நின்று தோப்புக்கரணம் போடுகிறவர்கள் ‘நீதாம்பா காப்பாத்தணும்’ என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள். அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும் சொல்லி வளர்ந்தவர்கள் சென்னையில் ஏராளம். அவர்கள் அம்மாவைக் குறைவாக மதிக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டோம். ஒருவரைப் பன்மையில் சொல்லுகிற இந்தப் பழக்கத்தைத் தொல்காப்பியமே கவனித்திருக்கிறது. ‘வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி’ என்று அதற்குப் பெயர் சொல்லி, அது இலக்கண நெறி அல்ல என்றும் சொல்லிவிடுகிறது. அதாவது உயர்த்திச் சொல்வது பேச்சு வழக்கில் வந்தது, இலக்கணம் போட்ட கட்டளை இல்லை. அப்படியென்றால் எந்த வீட்டு வழக்கு என்ற கேள்விதான் மிச்சம்.

அந்த வழக்கு வீட்டுக்கு வீடு மாறும். வடசென்னையில் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் பாட்டி, தாத்தா எல்லாரையும் ‘நீ’ என்பார்கள். கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய வீடுகளில் சின்னக் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுவதைக் கேட்கலாம், அங்கே பாட்டிக்கு ‘நீ’ என்றால் நிஜமாகவே அடி விழுந்த மாதிரி இருக்கும். பொதுவாக அம்மாவழிப் பாட்டிக்கு ‘நீ’ அதிகம், தாத்தாக்களுக்கு ‘நீங்க’ அதிகம் என்பது நான் பார்த்தவரையில் தெரிவது. அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விதி மாதிரியே நம்பக்கூடியது ஒன்றுதான்: கல்யாணத்தால் வந்த உறவு. மாமியார், மாமனார், கணவரின் பாட்டி, மனைவியின் தாத்தா என்றால் ‘நீங்க’தான், யோசிக்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதை நம் காதை வைத்து முடிவு செய்யாமல் அந்த வீட்டார் ஒருவரைக் கேட்டுக்கொள்வதுதான் ஒழுங்கு.

சரி, இப்போது செய்தியைப் பார்க்கலாம். நீங்கள் அவன் எழுதியதை அனுப்பவில்லை. இந்த மாதிரிச் செய்திகள் என்னிடம் நிறைய வந்திருப்பதால் உத்தேசமாக ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்கிறான். ஆபரேஷன் நன்றாக முடிந்ததாக அம்மா சொன்னதைச் சொல்கிறான். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்கிறான், குனிய வேண்டாம், கனமானதைத் தூக்க வேண்டாம் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், டிசம்பரில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்கிறான். கடைசியில் ‘மிஸ் யூ’.

‘நீ’ சொல்கிற பையன் என்றால் இப்படி வரும்: “பாட்டி, எப்படி இருக்கே? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு அம்மா சொன்னாங்க. சொட்டு மருந்தை மறக்காம நேரத்துக்குப் போட்டுக்கோ. கொஞ்ச நாளைக்குக் கீழே குனியாதே, வெயிட்டா எதையும் தூக்காதே. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். டிசம்பர்ல வீட்டுக்கு வரேன். உன் ஞாபகமாவே இருக்கு பாட்டி.”

‘நீங்க’ என்றால் இதையே எடுத்து, ‘இருக்கே’யை ‘இருக்கீங்க’ என்றும், ‘போட்டுக்கோ’வை ‘போட்டுக்கோங்க’ என்றும், ‘குனியாதே, தூக்காதே’யை ‘குனியாதீங்க, தூக்காதீங்க’ என்றும், ‘உன் ஞாபகமாவே’யை ‘உங்க ஞாபகமாவே’ என்றும் மாற்றவேண்டும். இரண்டு வடிவங்களிலும் ‘நீ’ என்ற சொல்லோ ‘நீங்க’ என்ற சொல்லோ ஒரு தடவைகூட வரவில்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ ஏழெட்டு இடத்தில் வந்திருக்கும். தமிழில் அது வினையின் வாலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு ‘யூ’வுக்கும் ஒரு ‘நீங்கள்’ என்று எண்ணிப் போட்டால்தான் செய்தி விறைத்துப்போகும். ‘நீங்கள் உங்கள் சொட்டு மருந்தை உங்கள் கண்ணில்’ என்று எழுதியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். பாட்டியின் மருந்து வேறு யார் கண்ணுக்குப் போகும்?

பெரும்பாலும் பிசகு நடப்பதும் அந்த வாலில்தான். முதல் வரியில் கவனமாக ‘எப்படி இருக்கீங்க’ என்று ஆரம்பித்தவர்கள், நாலாவது வரியில் ‘தூக்காதே’ என்று விட்டுவிடுவார்கள். அல்லது ‘உங்க’ளுக்கு நடுவே ஒரு ‘உனக்கு’ வந்துவிடும். முழுக்க ‘நீ’ என்று இருந்தால் அது செல்லம். முழுக்க ‘நீங்க’ என்று இருந்தால் மரியாதை. பாதியில் ‘நீ’ ஆக மாறினால்தான் நிஜமாகவே அதட்டுகிற மாதிரி கேட்கும், அதுவும் ‘குனியாதே’ என்பது போன்ற இடத்தில். எழுதி முடித்த பிறகு இரண்டு விஷயங்களை மட்டும் தேடுங்கள். ‘உன்’, ‘உனக்கு’, ‘உன்னை’ எங்காவது இருக்கிறதா என்று ஒரு தடவை. ஏவல் சொற்களின் கடைசி எழுத்து என்ன என்று இன்னொரு தடவை. ‘பார்த்துக்கோ’ என்று செய்தியின் கடைசி வரியில் வருவதைத்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள்.

‘டிசம்பர்ல வீட்டுக்கு வரேன்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அவன் ஆங்கிலத்தில் ‘உங்கள் வீடு’ என்றுதான் எழுதியிருப்பான், அந்த மொழியில் அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் தமிழில் சொந்தப் பாட்டியிடம் ‘உங்க வீட்டுக்கு வரேன்’ என்றால் பிரித்துப் பேசுவது மாதிரி ஆகிவிடும். ‘இது உன் வீடு இல்லையாடா?’ என்று பாட்டி கேட்பார். வெறும் ‘வீட்டுக்கு’ போதும், இல்லையென்றால் ‘நம்ம வீட்டுக்கு’. ‘நீ’யா ‘நீங்க’ளா என்று எவ்வளவு யோசிக்கிறோமோ அதே அளவு இந்த ‘உங்க’, ‘நம்ம’ விஷயத்தையும் யோசிக்கவேண்டும். அந்நியம் பல சமயம் இங்கேதான் நுழைகிறது.

செய்தியில் இன்னொருவரைப் பற்றி வந்தாலும் கவனம் வேண்டும். ‘அம்மா சொன்னாங்க’ என்று போட்டிருக்கிறேன். பாட்டியை நேரில் ‘நீ’ என்கிற பையன்கூட, மூன்றாம் ஆளாகச் சொல்லும்போது ‘பாட்டி சொன்னாங்க’ என்பதுதான் சென்னையில் பரவலாக இருக்கிறது. ‘அம்மா சொன்னா’ என்று சொல்கிற வீடுகளும் உண்டு, அப்படியென்றால் அதையே எழுதலாம். ஆனால் ‘அம்மா சொன்னார்’ என்று மட்டும் போடாதீர்கள். எழுத்தில் அது மரியாதை வடிவம்தான், இந்தப் பதிலில் பாட்டியைப் பற்றி நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பேச்சில் அந்த ‘ஆர்’ பெரும்பாலும் ஆண்களுக்கு என்று ஆகிவிட்டது. ‘தாத்தா சாப்பிட்டாரா’ என்றால் இயல்பாக இருக்கும், ‘அம்மா சொன்னார்’ என்றால் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

‘நீங்க’ போடும்போது ஒரு சிறு குழப்பமும் வரும். அது ஒருவருக்கும் பலருக்கும் பொது. பாட்டியும் தாத்தாவும் சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு ‘எப்படி இருக்கீங்க’ என்று போனால் இருவரையும் கேட்டதாகப் படும். கண் ஆபரேஷன் செய்துகொண்டவரைத் தனியாகக் கேட்கவேண்டும் என்றால், முதலில் ‘பாட்டி’ என்று கூப்பிட்டுவிடுங்கள், அது போதும். இருவரையும் சேர்த்துக் கேட்கிற இடத்தில் ‘நீங்க ரெண்டு பேரும்’ என்று சொல்லிவிடுங்கள். ‘நீ’ சொல்கிற பையன் என்றால் இங்கே இன்னொரு விதமாக மாட்டிக்கொள்வோம். டிசம்பரில் ‘யூ’வைப் பார்க்க வருகிறேன் என்று அவன் எழுதியிருந்தால், அது பாட்டியை மட்டுமா, இருவரையுமா என்பதை அவனிடமே கேட்டுக்கொள்வது நல்லது. ‘உன்னைப் பார்க்க’ என்று போட்டுவிட்டால் தாத்தா விட்டுப்போவார்.

பையனைப் பிடிக்க முடியவில்லை, இன்றைக்கே அனுப்பியாகவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. ‘நீ’யும் ‘நீங்க’ளும் வினையின் வாலில்தான் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாலே வராதபடி வாக்கியத்தைத் திருப்பலாம். பாட்டியை எழுவாய் ஆக்காமல் கண்ணை, உடம்பை, ஆபரேஷனை எழுவாய் ஆக்கிவிடவேண்டும். “பாட்டி, உடம்பு எப்படி இருக்கு? கண்ணுல வலி இல்லையே? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு அம்மா சொன்னாங்க, கேட்டதும் நிம்மதியா இருந்துச்சு. சொட்டு மருந்து நேரத்துக்குப் போடணும். கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், பேசலாம். பாட்டி ஞாபகமாவே இருக்கு.” இதில் எந்தப் பக்கமும் சாயவில்லை, எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாதபோது நாம் எல்லாருமே பேச்சில் செய்வதுதான் இது. ‘சாப்பாடு ஆச்சா’ என்று கேட்பது எதற்காக?

இதற்கு ஒரு விலையும் உண்டு. ‘போடணும், கூடாது’ என்று வருகிற இரண்டு வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் பேரன் கெஞ்சுகிற தொனி இல்லை, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பது மாதிரி இருக்கிறது. ‘குனியாதே பாட்டி’ என்பதிலோ ‘குனியாதீங்க பாட்டி’ என்பதிலோ இருக்கிற அக்கறை, ‘குனியக் கூடாது’ என்பதில் வராது. நாலைந்து வரிக்கு இது தாங்கும். செய்தி அதைவிட நீளம் என்றால் சுற்றி வளைப்பது வெளியே தெரிய ஆரம்பிக்கும். அப்போது காத்திருந்து பையனைக் கேட்டு எழுதுவதே மேல்.

ஆபரேஷன் முடிந்த கண்ணோடு பாட்டி போனைப் பார்த்துப் படிக்கப்போகிறாரா, வேறு யாராவது படித்துக் காட்டப்போகிறார்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்களோ தாத்தாவோ படிப்பதாக இருந்தால் எதுவும் மாறாது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிற பெண் படிப்பதாக இருந்தால், ‘எப்படி இருக்கே, தூக்காதே’ என்று பாட்டி முகத்தைப் பார்த்து அவர் வாயால் சொல்லத் தயங்குவார். அப்போது மேலே சொன்ன பொதுவான வடிவம் அவருக்கும் சுலபம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் குழுவில் சம்பந்தி வீட்டாரும் இருந்தால் ‘நீ’ என்று வருவதைப் பார்த்து ஒருவர் ஏதாவது சொல்வார், அது பாட்டி காதுக்கும் வரும். பாட்டிக்குத் தனியாக அனுப்புங்கள்.

எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் பையனுக்குப் போனில் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். அவனுக்குத் தமிழ் எழுதத்தான் தெரியாது, காது நன்றாகவே இருக்கும். அவன் சொல்லாத மாதிரி ஏதாவது இருந்தால் ‘நான் அப்படிச் சொல்லமாட்டேன் சித்தி’ என்றோ ‘மாமா’ என்றோ அவனே நிறுத்துவான், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசியில் அவன் பெயர். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் வேண்டாம். பாட்டி அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாரோ, கண்ணன் என்றோ குட்டி என்றோ, அதைப் போடுங்கள்.